மழை விட்டதும் சாலையில் குழி ஏன்? எட்டிப் பார்த்தால் குழியே சொல்லும்

நேற்று மாலை வேலை முடிந்து வரும்போது அந்த இடத்தில் ஒன்றுமில்லை. இரவு முழுக்க மழை. விடியற்காலை ஐந்து மணிக்கு பாசிர் கூடாங் தொழிற்சாலைக்கோ சிங்கப்பூருக்கோ மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால், அதே இடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அது வெறும் தண்ணீரா, அதற்கடியில் ஒரு சாண் ஆழக் குழி இருக்கிறதா என்பது முன்சக்கரம் இறங்கிய பிறகுதான் தெரியும். ஜொகூரில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

“மழை பெய்தது, சாலை கரைந்துவிட்டது” என்று நாம் பேசிக்கொள்கிறோம். உண்மையில் தார் தண்ணீரில் கரைவதே இல்லை. கூரைக்கும் படகுக்கும் தண்ணீர் புகாமல் பூசுகிற பொருள் அது. தமிழில் இதற்குக் கீல் என்று பழைய பெயர் உண்டு. சாலைக்குப் போடுவதை நிலக்கீல் என்று பாடநூல்கள் எழுதுகின்றன. பேச்சு வழக்கில் தார்தான், இங்கும் அப்படியே எழுதுகிறேன். கரையாத தாரைப் போட்ட சாலையில் ஒரே இரவில் குழி எப்படி விழுகிறது?

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட விளக்கங்களைத் தேடினால் பனி என்று பதில் வரும். விரிசலுக்குள் போன தண்ணீர் உறைந்து, பருத்து, சாலையைப் பிளக்கிறது என்பார்கள். ஜொகூரில் தண்ணீர் உறைவதில்லை. நம் சாலையில் நடப்பது வேறு. அதைப் புரிந்துகொள்ள, சாலைக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கறுப்பாகத் தெரிவது தோல்தான்

மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதையில் சேறு ஆழமாக இருந்தால் பலகை போட்டு நடப்போம். நம் எடை குறையவில்லை. கால் வைத்த இடத்தில் மட்டும் இறங்க வேண்டிய பாரத்தைப் பலகை அகலமாகப் பரப்பிவிடுகிறது, அதனால் சேறு தாங்குகிறது. சாலையும் அதே வேலையைத்தான் செய்கிறது. லோரிச் சக்கரம் தரையைத் தொடும் இடம் இரண்டு உள்ளங்கை அளவுதான். அந்தச் சிறிய இடத்தில் இறங்கும் பாரத்தை, கீழே போகப் போக அகலமாக்கி, கடைசியில் மண்ணுக்கு வலிக்காத அளவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகவே சாலையை அடுக்கடுக்காகப் போடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இறுக்கப்பட்ட மண். அதன்மேல் மணலும் சரளையும் கலந்த ஒரு படுகை. அதற்கு மேல் குவாரியில் உடைத்த கருங்கல். பெரிய கல், சிறிய கல், கல் தூள் எல்லாம் அளவோடு கலந்து, ரோலரில் இறுக்கிப் போட்ட அடுக்கு இது. சாலையின் உண்மையான முதுகெலும்பு இதுதான். இதற்கும் மேலேதான் தார் வருகிறது, அதுவும் பெரிய சாலைகளில் இரண்டு அடுக்காக. கீழே பெரிய கல் கலந்தது, மேலே சிறிய கல் கலந்தது. கூட்டரசுச் சாலை ஒன்றில் இத்தனையும் சேர்ந்து ஏறக்குறைய அரை மீட்டர் ஆழம் இருக்கும். அதில் நம் கண்ணுக்குத் தெரியும் மேல் தார் ஐந்து சென்டிமீட்டர் அளவுதான். தாமான் சாலைகளில் பல இடங்களில் மொத்தத் தாருமே அவ்வளவுதான்.

இந்த மெல்லிய தோலுக்கு முக்கியமான வேலை ஒன்று உண்டு. கீழேயிருக்கும் கல்லையும் மண்ணையும் நனையாமல் காப்பது. உலர்ந்த கல் அடுக்கில் ஒரு கல் இன்னொரு கல்லைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்குள் தண்ணீர் நிறைந்துவிட்டால் பிடி தளரும். கடற்கரையில் ஈர மணலில் நடக்கலாம். அலை வந்து நிற்கும் மணலில் நின்றால் கால் புதையும். சாலைக்கு அடியிலும் அதே மாற்றம்தான் நடக்கிறது.

தண்ணீர் எந்த வழியாகப் போகிறது?

முதல் வழி விரிசல். நம் ஊர் வெயிலில் மதிய நேரத்தில் தார் சாலையின் மேற்பரப்பு ஐம்பது டிகிரியைத் தாண்டும். ஆண்டுக்கணக்கில் வெயிலும் காற்றும் பட்டுத் தாரில் உள்ள பசைத்தன்மை குறைகிறது, நிறம் கறுப்பிலிருந்து சாம்பலுக்குப் போகிறது. நெகிழாமல் போன தார்மீது லோரிகள் ஓட ஓட, முதலில் மயிரிழை போன்ற கோடு விழும். பிறகு கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து முதலைத் தோல்போல் கட்டம் கட்டமாகும். சாலைப் பொறியாளர்கள் அதை முதலை விரிசல் என்றே அழைக்கிறார்கள். அந்தக் கட்டங்கள் தெரிந்துவிட்டால், அடுத்த பெரிய மழையில் குழி அங்கேதான் விழும் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம்.

இரண்டாவது வழி கண்ணுக்குத் தெரியாது. தார்க் கலவைக்குள் சிறுசிறு காற்றறைகள் இருக்கும், அவை இருக்கவும் வேண்டும். நன்றாக இறுக்கிய கலவையில் அவை நூற்றுக்கு நான்கைந்து பங்கு, ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடிக் கிடக்கும். சரியாக இறுக்காமல் விட்டு அது எட்டுப் பங்குக்கு மேல் போனால், அறைகளுக்கு இடையே வாசல் திறந்துகொள்கிறது. தண்ணீர் உள்ளே போகும், ஆனால் வெளியே வர வழி இருக்காது. இப்படிப்பட்ட சாலையை மழை நின்று வெயில் வந்த பிறகு பாருங்கள். சுற்றிலும் காய்ந்திருக்க, அந்த இடம் மட்டும் மதியம் வரை ஈரமாகக் கறுத்திருக்கும்.

இறுக்குவது சூட்டைப் பொறுத்தது. கலவை ஆலையிலிருந்து லோரியில் வரும் தார்க்கலவை 130 டிகிரிக்கு மேலான சூட்டில் கொட்டப்பட வேண்டும். ஆறி எண்பது டிகிரியை நெருங்கினால் ரோலர் எத்தனை முறை ஓடினாலும் கல் அசைந்து இடம் பிடிக்காது. வழியில் நெரிசலில் லோரி மாட்டிக்கொண்டாலோ, போடும்போது மழை பிடித்துக்கொண்டாலோ கலவை கெட்டுவிடும். என் மாமா ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் ரோலர் ஓட்டியவர். மேகம் கறுத்தால் மேற்பார்வையாளர் வேலையை முடிக்கச் சொல்லி அவசரப்படுத்துவார், தாரோ கைவசம் இருக்கும்போதே ஆறிக்கொண்டிருக்கும் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். புதுச் சாலை ஆறு மாதத்தில் குழி விழுந்தால் அவர் முதலில் கேட்பது, “அன்னைக்கு மழையா தம்பி?” என்றுதான்.

மூன்றாவது வழியை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. அது சாலையின் ஓரம். தார் சாலை நடுவில் சற்று உயர்ந்து இருபுறமும் சரிந்திருக்கும். வழக்கமான சரிவு நூற்றுக்கு இரண்டரை. அதாவது மூன்றரை மீட்டர் அகலத் தடத்தில் நடுவுக்கும் ஓரத்துக்கும் ஒன்பது சென்டிமீட்டர் அளவுக்கு வித்தியாசம். அந்தச் சரிவில் ஓடிவரும் தண்ணீர் லொங்காங்கில் விழ வேண்டும். ஆனால் ஓரத்தில் புல் வளர்ந்து, அதில் மண் படிந்து, சில ஆண்டுகளில் ஓரமே சாலையைவிட உயரமாகிவிடுகிறது. தண்ணீர் அங்கே குளமாக நின்று, பக்கவாட்டில் கல் அடுக்குக்குள் ஊறுகிறது. லொங்காங் இருந்தாலும் அது செம்பனை மட்டையும் நெகிழிப்பையும் அடைத்து நிரம்பி நின்றால், சாலையின் வயிறு தண்ணீருக்குள் நிற்பதுபோல்தான். மேலே தார் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை.

ரெங்கம் பக்கத்தில் ஒரு குழி

குளுவாங் மாவட்டத்தில் ரெங்கம் பக்கம், செம்பனை ஆலைக்கு லோரிகள் போகும் ஒரு சாலையில், மழை நின்ற இரண்டாம் நாள் தண்ணீர் வடிந்திருந்த குழி ஒன்றைக் குனிந்து பார்த்தேன். மாமாவும் உடன் வந்திருந்தார். குழி அறுபது சென்டிமீட்டர் நீளம், ஆழம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. இடப்பக்கச் சக்கரங்கள் ஓடும் தடத்தில், புல் மேடான ஓரத்துக்கு அருகில் இருந்தது.

குழியைவிட அதைச் சுற்றியிருந்ததுதான் கதையைச் சொன்னது. விளிம்பைச் சுற்றி முதலை விரிசல். அந்த விரிசல்களின் வாயில் வெளிர் சாம்பல் நிறத்தில் சேறு காய்ந்து படிந்திருந்தது, யாரோ சுண்ணாம்பு நீரைத் தெளித்தது போல. மேலேயிருந்து விழுந்த மண் அல்ல அது. சாலைக்கு அடியிலிருந்து வந்த கல் தூள்.

மழையிரவில் நடந்தது இதுதான். விரிசல் வழியாகவும் ஓரத்திலிருந்தும் கல் அடுக்கு நனைந்து நிறைந்தது. அதன்மேல் பழக்குலை ஏற்றிய லோரி ஏறுகிறது. லோரி டயருக்குள் காற்று நூறு பவுண்டு அளவுக்கு இருக்கும், கார் டயரைப்போல் மூன்று மடங்கு. சக்கரம் அழுத்தும் நொடியில் தார் சற்று வளைகிறது, அடியில் மாட்டிய தண்ணீருக்கு ஒதுங்க இடமில்லை. அது கிடைத்த விரிசல் வழியாகப் பீறிட்டு மேலே வருகிறது, வரும்போது கல் தூளையும் அள்ளிக்கொண்டு வருகிறது. சக்கரம் தாண்டியதும் தார் மீண்டும் எழும்ப, மேலே தேங்கிய தண்ணீரை உறிஞ்சுகிறது. அடுத்த லோரி, அடுத்த அழுத்தம். தண்ணீர் இறைக்கும் பம்பு எப்படி வேலை செய்யுமோ அப்படியே. இரவெல்லாம் இப்படி இறைத்தால் தாருக்கு அடியில் வெற்றிடம் உண்டாகிறது. தாங்க ஆளில்லாத தார்க் கட்டங்களில் ஒன்று உடைந்து கழன்றதும் மற்றவை வரிசையாகக் கழல்கின்றன. ஆகவே குழி ஒரே இரவில் விழுந்ததாகத் தெரிந்தாலும் அதற்கான வேலை பல மாதங்களாக நடந்திருக்கிறது.

லோரியின் பங்கு எவ்வளவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை சோதனைச் சாலைகளைப் போட்டு, அவற்றின்மேல் லோரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். சாலைக்கு ஏற்படும் சேதம் அச்சின் எடையோடு நேராகக் கூடுவதில்லை, ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்காகக் கூடுகிறது என்று அதில் தெரிந்தது. ஓர் அச்சில் எட்டு டன் ஏற்ற வேண்டிய இடத்தில் பன்னிரண்டு டன் ஏற்றினால் எடை ஒன்றரை மடங்குதான், சேதமோ ஐந்து மடங்கு. அந்த எட்டு டன் அச்சு ஒருமுறை போவதற்குச் சமமான சேதத்தைக் கார்கள் செய்ய வேண்டுமானால் பல ஆயிரம் கார்கள் போக வேண்டும். மோட்டார் சைக்கிளைக் கணக்கில் சேர்க்கவே வேண்டியதில்லை. குழியை உண்டாக்குவதில் பங்கே இல்லாதவர்தான் அதில் விழுகிறார்.

எல்லாக் குழியும் ரெங்கத்தில் பார்த்தது போல இருக்காது. சில குழிகளின் அடியில் சேறே இருக்காது, வழவழப்பான பழைய தார்ச் சாலை தெரியும். ஆழமும் நான்கைந்து சென்டிமீட்டர்தான், விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருக்கும். பழைய சாலையின்மேல் புதிய அடுக்கைப் போடும்போது இரண்டையும் ஒட்டவைக்கத் தார்ப்பால் தெளிக்க வேண்டும். தெளிக்கும்போது பழுப்பாக இருக்கும் அது, தண்ணீர் பிரிந்ததும் கறுப்பாகும். கறுத்த பிறகுதான் மேலே கலவையைக் கொட்ட வேண்டும். தூசியைக் கூட்டாமலோ, போதுமான பால் தெளிக்காமலோ போட்டால் புதிய அடுக்கு அப்பம்போல் தனியாகக் கிடக்கும். நடுவில் தண்ணீர் புகுந்ததும் தகடு தகடாக உரிந்துவிடும். இதற்குக் காரணம் மண்ணும் அல்ல, லொங்காங்கும் அல்ல.

இன்னொரு வகையில், குழிக்குள் கிடக்கும் கற்களைக் கையில் எடுத்தால் அவை கழுவி வைத்ததுபோல் வெள்ளையாக இருக்கும், தார் ஒட்டியிருந்த தடமே குறைவு. கருங்கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீரோடு நெருக்கம் அதிகம். ஈரம் நீண்ட நேரம் நின்றால் தண்ணீர் கல்லின் மேற்பரப்பில் ஊர்ந்து தாரை விலக்கிவிடும். இதைத் தடுக்கத்தான் மலேசியப் பொதுப்பணித் துறையான ஜே.கே.ஆரின் தர விதி, கலவையில் சுண்ணாம்புத் தூளைச் சேர்க்கச் சொல்கிறது. அது கிடைக்காவிட்டால் சிமெண்டு, நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மிகாமல். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு போல அளவு சிறியதுதான். இல்லாவிட்டால் தெரிந்துவிடும்.

வெள்ளம் வடிந்த பிறகும் ஆபத்து இருக்கிறது

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியும் செகாமட்டும் மூழ்கியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 மார்ச்சில் செகாமட், குளுவாங், யோங் பெங், பத்து பகாட் வட்டாரங்களில் வந்த வெள்ளத்தை நாமே பார்த்தோம். பத்து பகாட்டில் தண்ணீர் வடிய வாரக்கணக்கில் ஆனது. இப்படி நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்த சாலை வெளியே வரும்போது பார்வைக்கு நன்றாகவே இருக்கும். கழுவிவிட்டது போலக்கூட இருக்கும். அடியில் உள்ள கல்லும் மண்ணும் காய இன்னும் பல நாள் ஆகும்.

2005இல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியபோது, லூயிசியானா மாநிலச் சாலை ஆய்வு மையம் மூழ்கிய சாலைகளையும் மூழ்காத சாலைகளையும் ஒப்பிட்டது. மூழ்கிய தார் சாலைகள் இழந்த வலு, இரண்டு அங்குலத் தாரைச் சுரண்டி எடுத்ததற்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். இரண்டு அங்குலம் என்றால் ஐந்து சென்டிமீட்டர். நம் தாமான் சாலையில் மொத்தத் தாரும் அவ்வளவுதான் என்று மேலே சொன்னேன்.

ஆகவே வெள்ளம் வடிந்த உடனே கார்களை விட்டுவிட்டு, கனரக லோரிகளைச் சில நாள் நிறுத்தி வைப்பது சாலைக்குச் செய்யும் பெரிய உதவி. தேங்கிய பழத்தை ஆலைக்குக் கொண்டுபோக முதலில் கிளம்புவது லோரிதான் என்பதும் உண்மை. பழம் காத்திருந்தால் கெட்டுவிடும், தோட்டத்துக்கு நட்டம். சாலை காத்திருக்காவிட்டால் அந்த நட்டத்தை வேறு யாரோ கட்டுகிறார்கள்.

ஒட்டுப் போடுவது எப்படி?

மழைக்காலத்தில் மூட்டையில் வரும் குளிர்க்கலவையைக் குழியில் கொட்டி, மண்வெட்டியால் தட்டி, லோரிச் சக்கரத்தை ஏற்றி இறக்கிவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் குறை சொல்ல முடியாது. மழையில் சூடான தாரைப் போட வழியில்லை, யாரும் விழாமல் அன்றிரவு காப்பாற்றுவதற்கு அது போதும். தவறு எங்கே வருகிறது என்றால், மழைக்காலம் முடிந்த பிறகும் அதுவே நிரந்தர ஒட்டாக விடப்படும்போது.

முறையான ஒட்டு வேறு. குழியைவிடப் பெரிதாக, நல்ல தார் தெரியும் இடம் வரை சதுரமாக வெட்டுவார்கள். விளிம்பு செங்குத்தாக இருக்க வேண்டும், சரிவாக இருந்தால் ஒட்டின் ஓரம் மெலிந்து உதிர்ந்துவிடும். ரெங்கத்துக் குழி போன்றதில் ஈரமான கல்லையும் குழைந்த மண்ணையும் உறுதியான, காய்ந்த தளம் வரும்வரை தோண்டி எடுக்க வேண்டும். பிறகு புதிய கல்லை அடுக்கடுக்காகப் போட்டு ஒவ்வோர் அடுக்கையும் இறுக்க வேண்டும். முழு ஆழத்தையும் ஒரே கொட்டில் நிரப்பினால் மேல்பகுதி மட்டும் இறுகும், அடி தளர்வாகவே இருக்கும். அதன்மேலும் நான்கு பக்கச் சுவரிலும் தார்ப்பால், பிறகு சூடான கலவை, பிறகு ரோலர். முடிந்த ஒட்டு சுற்றியுள்ள சாலையைவிட மிகச் சற்றே உயர்ந்திருந்தால் நல்லது, வண்டிகள் ஓடி அது சமமாகும். பள்ளமாக இருந்தால் அடுத்த மழையில் தண்ணீர் அங்கேயே நிற்கும்.

வட்ட வட்டமாக, மேடு பள்ளமாக, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டு விழுந்த சாலை உங்கள் வட்டாரத்தில் இருந்தால், அங்கே காரணத்தைத் தொடாமல் குழியை மட்டும் மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

புகார் செய்வதற்கு முன் சாலை யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். கூட்டரசுச் சாலையும் மாநிலச் சாலையும் என்றால் ஜே.கே.ஆர்., தாமான் சாலை என்றால் நகராண்மை அல்லது மாவட்ட மன்றம், தோட்டத்துக்குள் இருக்கும் சாலை என்றால் தோட்ட நிர்வாகம். பொதுப்பணி அமைச்சின் MYJalan செயலியிலும் படத்தோடு அனுப்பலாம். படம் எடுக்கும்போது தண்ணீர் நிறைந்த குழியை மட்டும் எடுத்தால் வெறும் குட்டைதான் தெரியும். தண்ணீர் வடிந்த பிறகு குழியின் அடியையும், சுற்றியுள்ள விரிசலையும், பக்கத்தில் உள்ள ஓரத்தையும் லொங்காங்கையும் சேர்த்து எடுங்கள். அதை வைத்து ஒரு பொறியாளர் மூட்டைக் கலவை போதுமா, தோண்ட வேண்டுமா என்று தீர்மானிக்க முடியும்.

ரெங்கத்துக் குழியை அடுத்த முறை நான் பார்த்தபோது மூடியிருந்தார்கள். சதுரமாக வெட்டி, ஒழுங்காகவே போட்டிருந்தார்கள். ஆனால் ஓரத்துப் புல்மேடு அப்படியே இருந்தது. மாமா வண்டியிலிருந்து இறங்காமலேயே, ஒட்டிலிருந்து இரண்டடி தள்ளி, ஈரம் காயாத கறுப்புத் திட்டு ஒன்றைக் கையால் காட்டினார்.